கல்யாணப் படத்தில் பேனாக் கிறுக்கல்

"அம்மாவின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தில் பேரன் பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கிவிட்டான். ஓரத்தில் பழைய இங்க் கறையும் இருக்கிறது. போகுமா?"

முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். தண்ணீரோ சானிடைசரோ கிட்டவே வரக்கூடாது. ஈரம் பட்டால் படத்தின் ஜெலட்டின் படலம் ஊறிக் கிளம்பிவிடும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, சொட்டாதபடி ஒற்றியெடுத்து, வெள்ளை ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். பிறகு கோட்டின்மேல் தேய்க்காமல் மெல்ல உருட்டுங்கள். நீலம் ஏறிய பஞ்சை உடனே மாற்றாவிட்டால் கிறுக்கல் கறையாகப் பரவும். பஞ்சில் கறுப்போ கன்னச் சிவப்போ ஏறினால் நிறுத்திவிடுங்கள். அது ஸ்டூடியோக்காரர் கையால் செய்த டச்சிங். மை போனாலும் பேனா அழுத்திய பள்ளம் இருக்கும். இங்க் கறை ஜெலட்டினுக்குள்ளேயே ஊறியிருக்கும். அதைத் தொடாமல் ஸ்கேன் பிரதியில் திருத்திக்கொள்ளுங்கள்.