எந்த அமேசான் பில் போடுகிறது?

"அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் எடுக்கப் போகிறோம். ஒப்பந்தத்தில் எந்த அமேசான் கம்பெனி வரும்?"

இந்திய முகவரியில் திறக்கும் கணக்குக்குப் பொதுவாக அமேசான் வெப் சர்வீசஸ் இந்தியா பிரைவேட் லிமிடெட். பழைய பில்களில் அமேசான் இன்டர்நெட் சர்வீசஸ் என்றிருக்கும். பெயர்தான் மாறியது, கம்பெனி அதேதான். ஷாப்பிங் தளத்தை நடத்தும் அமேசான் செல்லர் சர்வீசஸ் வேறு. அங்கே பொருளுக்குப் பில் போடுவதோ விற்பனையாளர்!

லோகோவை நம்பாதீர்கள். பில்லில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை gst.gov.in தளத்தின் Search Taxpayer பகுதியில் போட்டால் சட்டப்பூர்வப் பெயர் வரும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (33 என்றால் தமிழ்நாடு), அடுத்த பத்து பான் எண். மாநிலம் மாறினாலும் பான் ஒன்றென்றால் கம்பெனியும் ஒன்றுதான். ஒப்பந்தத்தில் வேறு பான் இருந்தால், கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.