பத்துக் கட்டுரைக்கு மேல் கிடைக்கவில்லையா? அவற்றின் மேற்கோள்களைத் தொடருங்கள்

சேலத்தில் முதுகலை விலங்கியல் படிக்கும் தம்பி, ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழல் மரங்களுக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சிக்கும் உள்ள தொடர்பை ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறீர்கள். கூகுள் ஸ்காலரில் "Yercaud coffee stem borer" என்று தேடினால் பத்துக் கட்டுரைக்கு மேல் உருப்படியாக வரவில்லை என்கிறீர்கள். தலைப்பை மாற்றிவிடலாமா என்ற கேள்வி அப்புறம் இருக்கட்டும். தேடும் சொல்லில் ஊர்ப் பெயரைக் கட்டாயமாக்கினால் அப்படித்தான் ஆகும். Shevaroy, Shevroy, Servarayan என்று மலையின் பெயரையே ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள்.

கையில் இருப்பதில் நான்கைந்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் பூச்சியியல் கட்டுரைகளாக இருந்துவிடக் கூடாது, அதுதான் முக்கியம். பூச்சியியல்காரர்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மேற்கோள் காட்டிக்கொள்வார்கள். நிழல் மரங்களை ஆராயும் சூழலியல்காரர்கள் வேறொரு வட்டம். ஒரே வட்டத்தில் தொடங்கினால் எத்தனை சுற்று போனாலும் அதற்குள்தான் சுற்றுவீர்கள். சில்வர் ஓக் நிழலைப் பற்றி ஒன்று, துளைப்பானின் வாழ்க்கைச் சுழற்சி பற்றி ஒன்று, குடகிலோ சிக்மகளூரிலோ நடந்த ஆய்வு ஒன்று என்று கலந்து எடுங்கள்.

முதலில் பின்னோக்கி, அதாவது அந்தக் கட்டுரைகள் காட்டும் மேற்கோள்கள் வழியாகப் போங்கள். கடைசிப் பக்கத்துப் பட்டியலை மட்டும் பார்த்துக் குறிக்காதீர்கள், தலைப்பு ஏமாற்றும். வெயில் படும் தண்டில்தான் பூச்சி அதிகம் முட்டையிடுகிறது என்ற வரிக்கு எந்த மேற்கோளைக் காட்டியிருக்கிறார்கள் என்று கட்டுரைக்குள் பாருங்கள். அந்தக் கட்டுரையைத் திறந்தால் சில நேரம் அதுவும் வேறொரு பழைய ஆய்வையே கைகாட்டும். அளந்து பார்த்தவர் யார் என்று தெரியும்வரை இறங்குங்கள். உங்களுக்கு வேண்டியது அந்த மூலம்.

பிறகு முன்னோக்கி. ஸ்காலரில் அந்தக் கட்டுரையின் கீழே உள்ள Cited by என்பதை அழுத்தினால் அதை மேற்கோள் காட்டிய பிந்தைய கட்டுரைகள் வரும். நூற்றுக்கணக்கில் வந்தால் Search within citing articles பெட்டியில் டிக் செய்து shade என்று தேடுங்கள். ஊர்ப் பெயரை இங்கே போட்டாலும் பயன் உண்டு, முழு உரை கிடைக்கிற கட்டுரைகளில் அதற்குள்ளும் தேடும்.

புதிதாகச் சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் இதே இரண்டையும் செய்ய வேண்டும். எப்போது நிறுத்துவது? ஸ்வீடனைச் சேர்ந்த கிளாஸ் வோலின் 2014இல் மென்பொருள் பொறியியலுக்காக எழுதிய நெறிமுறையில் சொன்னதே போதும்: ஒரு சுற்றில் சேர்க்கத் தகுந்த புதுக் கட்டுரை எதுவும் வரவில்லை என்றால் நிறுத்தலாம். எந்தக் கட்டுரை வழியாக எது கிடைத்தது, எதை ஏன் விட்டீர்கள் என்று எக்செல்லில் அப்போதைக்கப்போது குறித்துவிடுங்கள். வைவாவில் அதைக் கேட்பார்கள்.

இந்த வழியில் சிக்காதவையும் உண்டு. போன மாதம் வந்த கட்டுரையை இன்னும் யாரும் மேற்கோள் காட்டியிருக்க மாட்டார்கள். காபி வாரியத்தின் பழைய அறிக்கைகள் பல இணையத்தில் இல்லாததால் சங்கிலி அங்கே அறுந்துவிடும். முனைவர் பட்ட ஆய்வேடுகளை சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் தனியாகத் தேடுங்கள். அங்கே ஒன்று கிடைத்தால் அதன் மேற்கோள் பட்டியலில் அந்த அறிக்கைகளின் பெயராவது இருக்கும். அதை வைத்துக்கொண்டு வாரிய அலுவலகத்தில் கேட்கலாம்.