நீளமான பிரசென்டேஷனில் வழி காட்டும் முன்னேற்றக் குறி

கேள்வி: 40 ஸ்லைடுகள் உள்ள பிரசென்டேஷனில் கேட்பவர்கள் பாதியிலேயே குழம்பிவிடுகிறார்கள். நிகழ்ச்சி நிரலும் முன்னேற்றக் குறியும் எப்படிச் சேர்ப்பது?

நிகழ்ச்சி நிரல் என்பது பேசப்போகும் பகுதிகளின் பட்டியல். அதில் இப்போது எந்தப் பகுதி நடக்கிறது என்று ஒவ்வொரு ஸ்லைடிலும் காட்டும் சிறு அடையாளம்தான் முன்னேற்றக் குறி.

புத்தகம் படிப்பவர் பின்னால் புரட்டிப் பார்க்கலாம். திரையைப் பார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஒரு நிமிடம் கவனம் சிதறினாலே இழை அறுந்துவிடும். மெட்ரோ ரயில் பெட்டிக் கதவுக்கு மேலே வரிசையாக எழுதிய நிலையங்களில் அடுத்தது மட்டும் ஒளிருமே, அதே வேலையைத்தான் இந்தக் குறி செய்கிறது.

40 ஸ்லைடுகளைப் பிரச்சினை, காரணம், தீர்வு, செலவு என நான்காகப் பிரித்ததாக வைத்துக்கொள்வோம். பவர்பாயிண்டில் `View → Slide Master` சென்று, நீங்கள் பயன்படுத்தும் லேஅவுட்டை நான்கு நகலாக்குங்கள். எல்லாவற்றிலும் மேல் விளிம்பில் நான்கு பெயர்களையும் சிறிதாக எழுதி, ஒவ்வொரு நகலிலும் ஒரு பெயரை மட்டும் அடர்நிறமாக்குங்கள். பிறகு அந்தந்தப் பகுதியின் ஸ்லைடுகளுக்கு உரிய லேஅவுட்டைக் கொடுங்கள். பெயர் மாறினால் நான்கு இடங்களில் திருத்தினால் போதும். ஆனால் ஒரு ஸ்லைடை வேறு பகுதிக்கு நகர்த்தும்போது லேஅவுட்டையும் மாற்ற வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்.

பக்க எண் இருந்தாலே போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் ‘18/40’ என்பது எவ்வளவு மீதம் என்று மட்டுமே சொல்லும், எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லாது.