தேறாத பிள்ளையிடம் அதே தாளை மறுபடி நீட்டாதீர்கள்

கேள்வி: சார், அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், 34 பிள்ளைகள். ஒரு பாடம் முடிந்ததும் சின்னத் தேர்வு, தேறினால்தான் அடுத்த பாடம் என்று இந்த வருஷம் ஆரம்பித்தேன். பின்னக் கூட்டலில் ஒன்பது பேர் மூன்று தடவை எழுதியும் அப்படியே நிற்கிறார்கள். தேறியவர்கள் சும்மா இருந்து சேட்டை பண்ணுகிறார்கள். மூன்று பேருடைய தாள்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திட்டத்தை விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம் டீச்சர். ஆனால் முதல் தேர்வுக்கும் இரண்டாம் தேர்வுக்கும் நடுவில் அந்த ஒன்பது பேருக்கும் என்ன நடந்தது? நீங்கள் எழுதவில்லை என்றாலும் தாள்களைப் பார்த்தால் தெரிகிறது. மூன்று தடவையும் அதே ஐந்து கணக்கு, அதே வரிசை. நடுவில் பலகையில் இன்னொரு தரம் போட்டுக் காட்டியிருப்பீர்கள், அவ்வளவுதான். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, நானும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தேன். மூன்றாம் முறை எல்லாரும் தேறியதும் பெருமையாக இருந்தது. அப்புறம் ஒரு பெண் கேள்வியைப் படிக்காமலே "பதினொன்று கீழ் பன்னிரண்டு சார்" என்றாள். கணக்கை அல்ல, விடையைப் படித்திருக்கிறார்கள்.

சின்னத் தேர்வில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஐந்துக்கு நாலு சரி என்றால் தேர்ச்சி என்று வைத்திருக்கிறீர்கள். பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் போடுகிற நிலையில் இருக்கும் பிள்ளை ஒரு தடவை எழுதினால் அதிர்ஷ்டத்தில் தேற 100க்கு 19 வாய்ப்பு. புதிதாக எதுவுமே கற்காமல் மூன்று தடவை எழுதினால் அந்த வாய்ப்பு 46 ஆகிவிடும், அதாவது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. ஆகவே, திரும்பத் திரும்ப எழுத வைத்தால் தேர்ச்சி எண்ணிக்கை கூடத்தான் செய்யும், அதை வைத்து பிள்ளைகள் கற்றுவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு தேர்வுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதில்தான் இந்த முறையின் உயிரே இருக்கிறது. 1968இல் பெஞ்சமின் ப்ளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இந்த முறையைப் பற்றி எழுதியபோது அவர் அழுத்திச் சொன்னதும் அதைத்தான்: முதல் தேர்வு மார்க்குக்கு இல்லை, எங்கே சிக்கியிருக்கிறது என்று காட்டுவதற்கு.

சரி, உங்கள் மூன்று தாள்களுக்கு வருகிறேன். மூன்றிலும் 3/4 + 1/6 தப்பு. ஆனால் மூன்றும் ஒரே தப்பு இல்லை.

முதல் பையன் 4/10 என்று எழுதியிருக்கிறான். மேலுக்கு மேல், கீழுக்குக் கீழ் கூட்டியிருக்கிறான். அவனுக்கு 3/4 என்பது ஒரு எண்ணே இல்லை, மூன்று ஒன்று, நாலு ஒன்று, நடுவில் ஒரு கோடு. இவனுக்கு மீச்சிறு பொது மடங்கை மறுபடி சொல்லிக் கொடுத்தால் தலையில் இன்னொரு பாரம் ஏறும், வேறொன்றும் நடக்காது. இப்படி ஒரு பையனை நான் ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்து, "ஏலே, வீட்ல முக்கால் படி அரிசி இருக்கு. அதுமேல இன்னும் கொஞ்சம் போட்டேன். இப்ப அரைப்படிக்கும் கீழ எறங்கிருமா?" என்றேன். "எறங்காது சார், கூடத்தான செய்யும்." "அப்போ நாலு கீழ் பத்து, பாதிய விடக் கூடவா, கொறச்சலா?" கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவனாகவே அடித்துவிட்டான். சரியான விடை அவனுக்கு அப்போதும் தெரியாது, ஆனால் தன் விடை இருக்க முடியாத விடை என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கட்டம் போட்ட நோட்டிலிருந்து 12 கட்டம் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். முக்காலுக்கு 9 கட்டம் வண்ணம் அடித்தான், ஆறில் ஒன்றுக்கு 2 கட்டம், எண்ணிப் பார்த்தால் 11. நம் மொழியிலேயே முக்கால், அரை, கால், அரைக்கால் என்று பின்னத்துக்குத் தனித்தனிப் பெயர் இருப்பது இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. "மூன்று கீழ் நாலு" என்பதைவிட "முக்கால்" அவனுக்குச் சட்டென்று ஒரே அளவாகத் தோன்றும்.

இரண்டாவது தாள் 4/12. இந்தப் பெண்ணுக்கு 12 வரவேண்டும் என்று தெரியும், ஆனால் கீழே 12 போட்டுவிட்டு மேலே 3ஐயும் 1ஐயும் அப்படியே வைத்துவிட்டாள். இவளுக்குக் கூட்டலே வேண்டாம், ஒரு பீரியட் முழுக்கச் சமபின்னம் மட்டும். நாலு பங்காகப் பிரித்த துண்டில் மூன்று பங்கு வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள், பிறகு ஒவ்வொரு பங்கையும் மூன்றாகக் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். வண்ணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, கோடு மட்டும் கூடியிருக்கிறது, இப்போது எண்ணினால் 12இல் 9. "கீழே மூன்றால் பெருக்கினால் மேலேயும் பெருக்கு" என்கிற விதி அவளுக்கு ஏற்கனவே சொல்லப்பட்டதுதான், ஆனால் ஏன் என்று தெரியாததால் அவசரத்தில் கழன்று விழுகிறது.

மூன்றாவது தாளைப் பார்த்ததும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. 9/12 + 2/12 என்று எழுதிவிட்டுக் கடைசியில் 10/12 போட்டிருக்கிறான். மற்றக் கணக்குகளிலும் இதே மாதிரி, முறை சரி, கூட்டலில் சறுக்கல். இவனுக்குப் பின்னம் தெரியும் டீச்சர். இவனைத் திரும்ப எழுத வைத்ததே தேவையில்லை. புதிதாக இரண்டு கணக்கை உங்கள் முன்னால் போடச் சொல்லி, சரியாக வந்தால் அனுப்பிவிடுங்கள்.

ஆக, அந்த ஒன்பது தாளையும் மார்க் பார்க்காமல் தப்பின் வகை பார்த்து மேஜையில் அடுக்குங்கள். மூன்று நாலு குவியலுக்கு மேல் வராது. எந்தக் குவியலிலும் சேராத தாள் ஒன்றிரண்டு இருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தெரியுமா என்று பாருங்கள், பெரும்பாலும் சிக்கல் இரண்டு வகுப்புக்குக் கீழே இருக்கும்.

தேர்வுத் தாளும் இப்படிக் குவியல் பிரிக்க உதவ வேண்டும். இப்போது உங்கள் ஐந்து கேள்வியும் ஒரே அச்சு. அதற்குப் பதிலாக, 3/4 = ?/12 என்று ஒன்று, 2/7 + 3/7 ஒன்று, 3/4 + 1/6 ஒன்று, ஒரு வாக்கியக் கணக்கு, கடைசியாக "ஒருவன் 1/2 + 1/3 = 2/5 என்கிறான், கூட்டிப் பார்க்காமலே தப்பு என்று எப்படிச் சொல்வாய்?" என்று ஒன்று. 2/5 பாதிக்கும் குறைவு, கையில் ஏற்கனவே பாதி இருக்கிறது, அதுதான் விடை. பத்து நிமிஷத் தேர்வு. ஐந்துக்கு நாலு என்பது இருக்கட்டும், ஆனால் மூன்றாவது கணக்கு கட்டாயம் சரியாக இருக்க வேண்டும். இரண்டாம் தாளுக்கு எண்களை மாற்றுங்கள், கேள்வியின் வகையை மாற்றாதீர்கள்.

வகுப்பு தேறியவர்கள், தேறாதவர்கள் என்று இரண்டு துண்டானதுக்குக் காரணம் வேறு. அவரவர் வேகத்தில் போகிற முறையையும் வகுப்பாகச் சேர்ந்து போகிற முறையையும் நீங்கள் கலந்துவிட்டீர்கள். அவரவர் வேகம் என்பது ஃப்ரெட் கெல்லர் என்பவர் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கு வைத்தது, தாள் திருத்தவும் விளக்கவும் ஏற்கனவே தேறிய மாணவர்கள் கூட இருந்தார்கள், அப்படியும் பலர் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டார்கள். ஒரே டீச்சர் 34 பேரை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. ப்ளூம் முறை உங்களுக்குச் சரிப்படும். பின்னக் கூட்டலுக்கு ஏழு பீரியட் என்று வையுங்கள். நாலு பீரியட் பாடம். ஐந்தாவதில் முதல் பத்து நிமிஷம் தேர்வு, மீதி நேரத்தில் தாளைப் பார்த்துக் குவியல் பிரித்து வேலையை ஆரம்பித்துவிடலாம். ஆறாவது முழுக்கக் குவியல் வேலை. ஏழாவதில் இரண்டாம் தேர்வு. எட்டாவது பீரியட் எல்லாரும் தசமத்துக்குப் போகிறார்கள்.

எல்லாருமா என்று கேட்பீர்கள். ஆமாம், எல்லாரும். இரண்டாம் தேர்விலும் தேறாதவர்கள் மூன்று நாலு பேர் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களைப் பழைய பாடத்திலேயே கட்டிப்போட்டால் பருவத் தேர்வு வரும்போது பாதிப் புத்தகத்தைப் பார்க்காமலே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் புதுப் பாடத்தில் உட்காரட்டும், ஆனால் பின்னம் இன்னும் முடியவில்லை என்று உங்கள் நோட்டில் இருக்கட்டும், வாரத்தில் மூன்று நாள் காலை மணியடிப்பதற்கு முன்னால் பதினைந்து நிமிஷம் அந்த மூன்று நாலு பேரோடு மட்டும் உட்காருங்கள். தயவுசெய்து சாயங்காலம் வேண்டாம். நம் பக்கம் பல வீடுகளில் அம்மா பீடி சுற்றுகிறாள், பள்ளி விட்டதும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அந்தப் பிள்ளைதான் போக வேண்டும். தேறினால்தான் அடுத்தது என்ற கதவை எல்லாப் பாடத்துக்கும் போட வேண்டியதில்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். தசமமும் சதவீதமும் பின்னத்தின் மேல் நிற்கின்றன, அதனால் இங்கே கதவு வேண்டும். சமச்சீர் வடிவங்களில் ஒரு பிள்ளை சறுக்கினால் அடுத்த பாடம் ஒன்றும் இடிந்து விழாது.

தேறியவர்களைப் பற்றி. ஆறாவது பீரியடில் அவர்களை அடுத்த பாடத்துக்கு அனுப்பாதீர்கள், அங்கேதான் இடைவெளி விரிகிறது. அதே பாடத்தில் ஆழமான வேலை கொடுங்கள். மேலே 1 மட்டும் இருக்கிற, ஒன்றுக்கொன்று வேறான பின்னங்களைக் கூட்டி 11/12 கொண்டு வா, எத்தனை வழி முடியும் என்று கேளுங்கள். 1/2 + 1/3 + 1/12 ஒரு வழி. ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் இருப்பார்கள், அல்லது நல்ல காரணத்துக்காகச் சத்தம் போடுவார்கள். சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிற ஒன்றிரண்டு பேரை 4/12 குவியலோடு உட்கார வைக்கலாம். 4/10 குவியலை மட்டும் அவர்களிடம் விடாதீர்கள், அது உங்கள் வேலை. பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தால் "கீழ ரெண்டையும் பெருக்கு, குறுக்க பெருக்கு" என்று முறையைத்தான் கொடுப்பார்கள். அந்தப் பையனிடம் இல்லாதது முறை இல்லை.

குவியல்களுக்குப் பெயர் வைக்க வேண்டாம். ஒவ்வொரு பாடத்திலும் ஆள் மாறுவார்கள். ஒரே ஆட்கள் மூன்று பாடம் தொடர்ந்து வந்தால் அது பின்னத்தின் சிக்கல் இல்லை. கண் தெரிகிறதா, தமிழ் வாசிக்க வருகிறதா, அடிக்கடி லீவா என்று பாருங்கள்.

நேரம் கொஞ்சம் இடிக்கும், மறைக்கவில்லை. ஒவ்வொரு பெரிய பாடத்துக்கும் இரண்டு பீரியட் கூடப் போகும், முதல் இரண்டு மாசம் பக்கத்து வகுப்பை விடப் பின்னால்தான் நிற்பீர்கள். தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மூன்று குவியல் தாளையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள், வாயால் விளக்குவதைவிட அது சீக்கிரம் புரியும்.

கடைசியாக ஒன்று. இரண்டாம் தேர்வில் தேறியவர்களில் சிலர் மூன்று வாரத்தில் மறந்துவிடுவார்கள். அதனால் தசமத் தேர்வில் ஐந்து கேள்வியோடு ஆறாவதாக ஒரு பின்னக் கூட்டலைச் சேர்த்துவிடுங்கள், மார்க்கில் சேர்க்க வேண்டாம். அதில் யாராவது மறுபடி மேலுக்கு மேல் கீழுக்குக் கீழ் கூட்டியிருந்தால், அந்தப் பெயரையும் காலைப் பதினைந்து நிமிஷத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.