சம்பளமில்லாத ட்ரையல் நாள்: போவதற்கு முன் ஒரு மெயில்

வணக்கம் சார்,

உங்கள் மகளுக்கு வந்த மெசேஜைப் படித்தேன். "வியாழக்கிழமை காலை 10 மணிக்கு வாங்க, ஒரு நாள் வேலை செய்து காட்டுங்க, பிடித்திருந்தால் எடுத்துக்கொள்கிறோம், ட்ரையலுக்குச் சம்பளம் கிடையாது." இது முறையானதா, ஏமாற்றா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நான்கு வரியை வைத்துக்கொண்டு எனக்கு இரண்டில் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் போனில் உங்கள் மகளிடம், அங்கே என்ன செய்யச் சொன்னார்கள் என்று கேட்டேன். ஒரு விளம்பரத்துக்கு 8 போஸ்டர் வடிவமைக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை காலையில் அது வாடிக்கையாளருக்குப் போக வேண்டுமாம்.

அந்த வெள்ளிக்கிழமைதான் உறுத்துகிறது. ஒருவருக்கு டிசைன் வருமா என்று பார்க்க 2 போஸ்டர் போதும், 3 மணி நேரம் போதும். ஏற்கெனவே முடிந்துபோன ஒரு பழைய வேலையைக் கொடுத்து, "நீங்களாக இருந்தால் எப்படிச் செய்வீர்கள்" என்று கேட்டாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். 8 போஸ்டர், அதுவும் மறுநாள் காலைக் கெடு என்றால், அன்று உங்கள் மகள் வராவிட்டால் வேறு யாராவது உட்கார்ந்து அதை முடித்தாக வேண்டும், அவருக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். எந்த ட்ரையலைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இவர் வராவிட்டால் அந்த வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டுமா, வேண்டாமா? செய்தாக வேண்டும் என்றால் அது வேலை. யாருக்கும் ஒன்றும் குறையாது என்றால் அது தேர்வு.

சட்டங்களும் ஏறக்குறைய இந்த வழியில்தான் யோசிக்கின்றன, நாட்டுக்கு நாடு கோடு மாறும் என்றாலும். ஆஸ்திரேலியாவில், வேலைக்குத் தேவையான திறமையைக் காட்டுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவுக்குத்தான் சம்பளமில்லாத ட்ரையலை ஏற்கிறார்கள். அது வேலையைப் பொறுத்து ஒரு மணி நேரமாக இருக்கலாம், அதிகபட்சம் ஒரு ஷிப்ட். அந்த நேரம் முழுக்க யாராவது நேரடியாகக் கவனித்துக்கொண்டும் இருக்க வேண்டும். பிரிட்டன் அரசின் வழிகாட்டுதலும் நேரம், மேற்பார்வை, செய்த வேலையால் நிறுவனத்துக்குப் பலன் உண்டா என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது. ஒரு நாளைத் தாண்டினால், மிக அரிதான சூழ்நிலை தவிர, குறைந்தபட்ச ஊதியம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் கருத்து. உங்கள் ஊர் விதியைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது எழுத்தில் வாங்குவது எப்படி? இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். "ட்ரையலுக்கு ஒப்பந்தம் கொடுங்க" என்று கேட்பார்கள். ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் சிறிய அலுவலகத்தில் அப்படி ஒரு காகிதமே இருக்காது. கேட்டதும் அவர்களுக்கு எரிச்சல் வரும், அல்லது "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக, போனில் பேசியதை உங்கள் மகளே எழுதி அனுப்பட்டும். அவர்கள் செய்ய வேண்டியது "சரி" என்று ஒரு வார்த்தை பதில் போடுவது மட்டும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். வியாழக்கிழமை வருகிறேன், நன்றி. நான் புரிந்துகொண்டது சரிதானா என்று மட்டும் சொல்லுங்கள். நேரம் காலை 10 முதல் மாலை 6 வரை. வேலை, விளம்பரத்துக்கு 8 போஸ்டர். இந்த நாளுக்குச் சம்பளம் இல்லை என்றீர்கள். நான் செய்யும் போஸ்டர்களை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதாக இருந்தால், அவற்றுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று சொல்லுங்கள். தேர்வுக்காக மட்டும் என்றால், 2 போஸ்டர் செய்து காட்டிவிட்டு மதியத்தோடு கிளம்பலாமா? அன்று என் வேலையை யார் பார்ப்பார்கள், முடிவை எந்தத் தேதிக்குள் சொல்வீர்கள் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

இதில் எந்த வரியும் சண்டை போடவில்லை, கவனித்தீர்களா? பணத்தைப் பற்றிய வரி மட்டும் கொஞ்சம் கூர்மையானது, வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். இரண்டு வழி கொடுத்திருப்பதால் அவர்களால் வெறுமனே "ஆமாம்" என்று நழுவ முடியாது, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மெயிலில் போவது நல்லது. வாட்ஸ்அப்பிலேயே பேச்சு நடந்திருந்தால் அங்கேயே அனுப்பலாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

நீங்கள் கேட்ட இன்னொரு கேள்வி நல்ல கேள்வி. "சம்பளம் இல்லைன்னு நாமே எழுதினா, நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடாதா?" பிரிட்டனில், ஆஸ்திரேலியாவில் அப்படி ஆகாது. செய்தது உண்மையிலேயே வேலை என்றால், "வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் குறைந்தபட்ச ஊதிய உரிமை போகாது. எந்த நாடானாலும், "சம்பளம் இல்லை என்றீர்கள்" என்று எழுதுவது அவர்கள் சொன்னதைப் பதிவு செய்வது. "எனக்குச் சம்பளம் வேண்டாம்" என்று எழுதுவது வேறு. இந்த இரண்டாவது வாக்கியத்தை மட்டும் அவள் எங்கும் எழுத வேண்டாம்.

வரும் பதிலைப் பாருங்கள். "2 போஸ்டர் போதும்" என்று வந்தால் தாராளமாகப் போகலாம். "8 போஸ்டர்தான், ஆனால் இவ்வளவு தருகிறோம்" என்றாலும் சரி. "நேரில் பேசிக்கலாம்" என்று வந்தால், "நேரில் பேசுகிறேன், அதற்குமுன் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்" என்று இன்னொரு முறை கேட்கலாம். அதற்கும் மழுப்பினால், அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகும் இதே பதில்தான் கிடைக்கும் என்று நான் எடுத்துக்கொள்வேன். கேட்டதற்காகவே அழைப்பை ரத்து செய்தால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆனால் அவளிடமிருந்து போனது 8 போஸ்டர் இலவசமாகச் செய்யும் ஒரு நாள். ட்ரையலுக்கு முன்பணம் கட்டச் சொன்னாலோ, அசல் சான்றிதழைக் கேட்டாலோ மேலே பேச வேண்டாம்.

போகிற நாளில் பேச்சு மாறுவதுதான் பெரும்பாலும் நடப்பது. 5 மணிக்கு, "இன்னும் நாலு இருக்கு, நாளைக்கும் வந்துடுங்க" என்பார்கள். என்னிடம் வந்த ஒரு பையன் இப்படியே நான்கு நாள் போய்விட்டான், ஒவ்வொரு நாளும் "இன்று மட்டும்" என்றுதான் நினைத்தானாம். அவனிடம் இருந்தது முதல் நாள் போன் அழைப்பு மட்டுமே, எழுத்தில் ஒன்றுமில்லை. உங்கள் மகள் அப்போது "ட்ரையல் ஒரு நாள் என்று மெயிலில் பேசிக்கொண்டோம், நாளை முதல் சம்பளத்தோடு என்றால் வருகிறேன்" என்று சொன்னால் போதும். எத்தனை மணிக்கு வந்தாள், எத்தனை மணிக்குக் கிளம்பினாள், என்னென்ன செய்தாள் என்பதை அன்று இரவே தன் நோட்டில் எழுதி வைக்கட்டும். வாடிக்கையாளரின் கோப்புகளை மட்டும் தன் லேப்டாப்பில் வைத்துக்கொண்டு வரக் கூடாது. அது அவர்களுடையது. பிறகு அவள் மீதே பேச்சு வரும்.

மெயிலை இன்றே அனுப்பச் சொல்லுங்கள். புதன்கிழமை மதியம் வரை பதில் இல்லையென்றால் அவளே ஒரு முறை போன் செய்து, "என் மெயிலைப் பார்த்தீர்களா" என்று மட்டும் கேட்கட்டும். நீங்கள் பேச வேண்டாம் சார்.