மழை முடிந்ததும் கொட்டும் முடி: மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள்

கேள்வி: டாக்டர், பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வயது 36. அக்டோபர் மழை ஓய்ந்ததிலிருந்து தலைக்குக் குளித்தால் கை நிறைய முடி வருகிறது, அதுவும் வேரோடு. மான்செஸ்டரில் இருக்கும் அக்கா, "எனக்கும் வருஷா வருஷம் இந்த நேரத்தில் கொட்டும், தானாக நின்றுவிடும்" என்கிறார். ஆனால் அம்மாவுக்கு உச்சந்தலை தெரியும் அளவுக்கு முடி மெலிந்திருக்கிறது. எனக்கும் அதுதானோ என்று பயமாக இருக்கிறது. ஆகஸ்ட்டில் டிங்கி வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

பதில்: கடைசியில் போகிற போக்கில் டிங்கியைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். அதற்கு முன் அக்காவின் கதையை முடித்துவிடுவோம்.

அவர் சொல்வது பொய்யில்லை. சூரிச்சில் 800க்கும் மேற்பட்ட பெண்களின் முடியைப் பல ஆண்டுகளாகப் பார்த்து, 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போகும் முடிகள் ஜூலையில்தான் மிக அதிகம் என்று அதில் தெரிந்தது. ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் தலையிலேயே இருந்துவிட்டு அப்புறம்தான் உதிரும். அதனால் அங்கே இலையுதிர் காலத்தில் முடியும் உதிர்கிறது. மான்செஸ்டரில் கோடைப் பகல் 17 மணி நேரம், குளிர்காலப் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. உங்கள் பினாங்கில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் முக்கால் மணி நேரத்தைத் தொடாது. அக்காவின் தலைக்குப் பருவம் மாறுவது தெரியும், உங்கள் தலைக்கு அப்படித் தெரிய வழியில்லை.

நம் ஊரில் மழைக்குப் பழி விழுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. மழை நாளில் முடி காயாது என்று தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப்போடுகிறோம். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. நான்கு நாள் கழித்துக் குளித்தால், அந்த நான்கு நாளில் உதிர்ந்தும் தலையிலேயே தங்கிவிட்ட முடியெல்லாம் ஒரே நேரத்தில் கையில் வரும். மழை கொட்டவைத்த மாதிரி தோன்றும்.

சரி, டிங்கிக்கு வருவோம். கடுமையான காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி டயட் எதுவானாலும், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பெரிய பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். நோய் குணமாகி, ஆளே அதை மறந்த பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்து அவை சேர்ந்து விழும். ஆகஸ்ட்டில் காய்ச்சல், அக்டோபர் கடைசியில் உதிர்வு. உங்கள் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. "வேரோடு" என்று நீங்கள் பயப்படும் அந்த வெள்ளைக் குமிழ் வேர் அல்ல. ஓய்வு முடிந்து விழும் முடியின் அடிமுனை அது. முடி முளைக்கும் குழி தோலுக்குள் அப்படியே இருக்கிறது.

ஆனால் அம்மாவின் கதையும் இருப்பதால், காலக் கணக்கை மட்டும் நம்பி உங்களை அனுப்பிவிட மாட்டேன். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஐந்து நாள் தலைக்குக் குளிக்காதீர்கள் (நம் வெயிலில் கஷ்டம்தான், ஒருமுறை பொறுத்துக்கொள்ளுங்கள்). ஆறாம் நாள், வாஷ் பேசினின் ஓட்டையை மெல்லிய பருத்தித் துணியால் மூடிவிட்டு அதற்குள்ளேயே ஷாம்பு போட்டு அலசுங்கள். துணியில் தங்கியதையும் பேசினில் ஒட்டியதையும் சேகரித்து உலர விடுங்கள். பிறகு ஒரு ஸ்கேல் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். மொத்தம் எத்தனை, அதில் 3 சென்டிமீட்டரோ அதற்குக் குறைவோ உள்ளவை எத்தனை என்று இரண்டு எண்கள் போதும். நடுவில் முறிந்த துண்டுகளைச் சேர்க்காதீர்கள். அவற்றில் வெள்ளைக் குமிழ் இருக்காது.

இந்தக் குட்டை முடிகள்தான் விஷயம். பரம்பரையாக மெலியும் தலையில் ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு சுற்றிலும் முந்தியதைவிடச் சிறிதாக, மெல்லியதாக முளைத்து, நீளும் முன்பே விழுந்துவிடும். காய்ச்சலுக்குப் பின் விழுவதோ நன்றாக வளர்ந்த நீள முடி.

போன வருடம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இரண்டு பெண்கள் என்னிடம் வந்தார்கள். ஒருவர் அழுதுகொண்டே ஒரு பிளாஸ்டிக் பை நிறைய முடியைக் கொண்டுவந்தார். சோதனையில் 212 முடி, அதில் குட்டை 9. நூற்றுக்கு நான்குதான். அவருக்கு மருந்தே தரவில்லை. மார்ச்சில் நின்றுவிட்டது. இன்னொருவர் தோழிக்குத் துணையாக வந்தவர், முடி கொட்டுகிறது என்றே சொல்லவில்லை, வகிடு மட்டும் அகலமாகிறதோ என்று கேட்டார். அவருக்கு 84 முடி, அதில் குட்டை 19. நூற்றுக்கு இருபதைத் தாண்டுகிறது. உண்மையான மெலிவு அவருக்குத்தான். மொத்தம் நூறுக்கு மேல் போய், குட்டை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் தற்காலிக உதிர்வு. மொத்தம் குறைவாக, குட்டை பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இருந்தால் மெலிவு. நிறையக் கொட்டினால்தான் வழுக்கை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல சமயம் சத்தமில்லாமல்தான் வரும்.

இரண்டு எண்ணும் அதிகமாக வருவதும் உண்டு. அம்மாவிடமிருந்து வந்த மெலிவு ஏற்கெனவே மெதுவாகத் தொடங்கியிருந்து, டிங்கி அதைத் திரைவிலக்கிக் காட்டிவிடும். அப்படியிருந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அதற்காகத்தான் வகிட்டையும் படம் எடுக்கச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், ஈரமில்லாத தலையோடு. தற்காலிக உதிர்வில் தலை முழுதும் சமமாகக் குறையும். மெலிவில் வகிடு முன்பக்கத்தில் விரிந்து பின்னால் போகப்போகக் குறுகும்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கும் பெண்கள் நிறைய. மாதவிடாய் அதிகமாகப் போகிறவர் என்றால் அவசியம். பார்மசியில் வாங்கிய பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது தைராய்டு முடிவைத் தப்பாகக் காட்டக்கூடும். ரத்தம் எடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபில் அதைச் சொல்லுங்கள்.

வட்ட வட்டமாகச் சொட்டை, தலைத்தோலில் எரிச்சல் அல்லது வலி, மாதவிடாய் தள்ளிப்போவதோடு முகத்தில் முடி வளர்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், உடனே தோல் மருத்துவரைப் பாருங்கள்.

இல்லையென்றால் ஏப்ரல் வரை பொறுங்கள். உதிர்வு அதற்குள் அடங்கிவிட வேண்டும். ஆனால் புது முடி மாதத்துக்கு 1 சென்டிமீட்டர்தான் வளரும், பழைய அடர்த்தி தெரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஜனவரி வாக்கில் நெற்றி ஓரத்தில் சீப்புக்கு அடங்காமல் குத்திட்டு நிற்கும் குட்டி முடிகள் தெரிகின்றனவா என்று கண்ணாடியில் பாருங்கள். ஏப்ரலுக்குப் பிறகும் கொட்டினால், அந்த இரண்டு எண்களோடும் மாதப் படங்களோடும் வாருங்கள்.