மேட்ச் முடிகிற நேரம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 15 வயது. ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம் ஒன்றில் பள்ளி நாட்களில் 4 மணி நேரம், சனி ஞாயிறுகளில் 8 மணி நேரம் போகிறது. இரவு 12.30-க்குத்தான் தூங்குகிறான், காலை 6 மணிக்கு எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. கணக்கில் மதிப்பெண் சரிந்துவிட்டது. நிறுத்து என்றால் கத்துகிறான். இரண்டு முறை வைஃபையை அணைத்தேன், கதவை அறைந்து சாத்திக்கொண்டான். வாரம் இரண்டு நாள் பேட்மிண்டன் ஆடப் போவதை மட்டும் விடவில்லை. இது ஆர்வமா, அடிமைத்தனமா? எவ்வளவு நேரம் அனுமதிக்கலாம்?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

எத்தனை மணி நேரம் என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ‘கேமிங் கோளாறு’ 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் வரையறையில் மணிக்கணக்கே கிடையாது. மூன்று விஷயங்களைத்தான் அது கேட்கிறது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது ஆடுபவரின் கையை விட்டுப் போய்விட்டதா? மற்ற ஆசைகளையும் அன்றாட வேலைகளையும் தள்ளிவிட்டு விளையாட்டு முதலிடத்துக்கு வந்துவிட்டதா? கெடுதல் கண்ணெதிரே நடந்தும் ஆட்டம் தொடர்கிறதா? இந்த மூன்றும் சேர்ந்து படிப்பையோ குடும்பத்தையோ நட்பையோ கணிசமாகச் சிதைத்திருக்க வேண்டும். அது பொதுவாக 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். நிலைமை மிகக் கடுமையாக இருந்தால் மட்டும் அந்தக் காலம் குறையலாம்.

பெற்றோர் அதிகம் பயப்படும் சில அறிகுறிகள் உண்மையில் அவ்வளவு மோசமானவை அல்ல. நாள் முழுக்க கேமைப் பற்றியே பேசுவது, சாப்பிடும்போதும் அடுத்த ஆட்டத்தைத் திட்டமிடுவது, ஜெயித்தால் துள்ளுவது ஆகியவற்றைச் சொல்கிறேன். ஜான் சார்ல்டன், இயன் டான்ஃபோர்த் என்ற இரு உளவியலாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இவற்றைத் தனியே பிரித்துக் காட்டியது. எண்ணத்தில் எப்போதும் விளையாட்டு இருப்பது, அதில் கிளர்ச்சி அடைவது எல்லாம் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர்களிடமும் இருக்கும். கெடுதலைக் காட்டுபவை வேறு. ஆட்டத்தால் வாழ்க்கையின் மற்ற பகுதிகளோடு மோதல் வருவது, ஆடாதபோது தவிப்பது, குறைக்க முயன்று திரும்பத் திரும்பத் தோற்பது, நடத்தையில் விளையாட்டு எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிடுவது. கிரிக்கெட் பைத்தியமான பையன் கிரிக்கெட்டைப் பற்றியே பேசுவதற்கும் பள்ளிக்கே போகாமல் மைதானத்தில் கிடப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

அந்தக் கத்தலுக்கு வருவோம். அது எந்த நொடியில் வந்தது என்று பாருங்கள். இந்த வகை ஆட்டத்தில் ஒரு மேட்ச் சுமார் 35 நிமிடம் ஓடும். நடுவில் நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு தொடர முடியாது. ஒருவன் விலகினால் மீதி நான்கு பேர் ஆள் குறைவாக ஆடித் தோற்கிறார்கள். விலகியவனுக்கு ரேங்க் புள்ளி போகும். அடிக்கடி நடந்தால் சில மணி நேரமோ சில நாட்களோ ஆடவே முடியாதபடி தடை விழும். இருபதாவது நிமிடத்தில் வைஃபை அணைந்தால், அவன் பார்வையில் நான்கு பேரை நட்டாற்றில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். அந்தக் கோபத்தை மட்டும் வைத்து அவனை அடிமை என்று சொல்ல முடியாது.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. “இந்த மேட்ச் முடிந்ததும் எழுந்து வா” என்று, மேட்ச் தொடங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். முடிந்ததும் முனகிக்கொண்டாவது எழுந்து, அரை மணிக்குள் பழைய முகத்துக்குத் திரும்பினால் கட்டுப்பாடு அவனிடம்தான் இருக்கிறது. மேட்ச் முடிந்த பிறகும் எழ முடியவில்லை, ஆடாத நாள் முழுவதும் எரிச்சலிலும் வெறுமையிலும் கிடக்கிறான் என்றால், அது கவனிக்க வேண்டியது. ஒரு நாளில் முடிவெடுக்க வேண்டாம். இரண்டு வாரம் குறித்து வையுங்கள். தூங்கிய நேரம், எழுந்த நேரம், ஆடிய மேட்சுகளின் எண்ணிக்கை, சொன்னபடி நிறுத்தினானா, விளையாட்டு தவிர அன்று மனமாகச் செய்தது என்ன என்ற ஐந்தும் போதும். அந்த நோட்டு அவன் கையிலேயே இருக்கட்டும். உளவு பார்ப்பதாகத் தோன்றினால் எண்கள் பொய்யாகிவிடும்.

நீங்கள் எழுதியதில் பேட்மிண்டன் தொடர்கிறது என்பதுதான் எனக்கு மிக முக்கியமான வரியாகப் பட்டது. வேறு ஒன்றிலும் இன்பம் இருக்கிறது, அதற்காக இவனால் கேமை விட்டு எழ முடிகிறது. என் கணிப்பு, இது இப்போதைக்கு நோய் அல்ல. ஆனால் கெடுதல் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கெடுதல் தூக்கத்தின் வழியாக நடக்கிறது. 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அவனுக்குக் கிடைப்பது ஐந்தரை. முதல் பாடவேளையில் பாதித் தூக்கத்தில் இருப்பவனுக்கு, ஒரு படியை விட்டால் அடுத்த படி புரியாத கணக்கு முதலில் கைவிட்டுப் போவது இயல்பு. கண்டிப்பைத் தூக்கத்தில் காட்டுங்கள். மற்றவற்றில் பேரம் பேசலாம்.

எல்லையைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். காலை 6-க்கு எழ வேண்டும், குறைந்தது 8 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றால் இரவு 10-க்குத் தூங்கியிருக்க வேண்டும். போட்டி ஆட்டம் முடிந்ததும் மனம் உடனே அடங்காது. முக்கால் மணியாவது இடைவெளி வேண்டும். அப்படியானால் 9.15-க்குத் திரை அணைந்திருக்க வேண்டும். மேட்ச் 35 நிமிடம், ஆட்கள் சேரக் காத்திருப்பது 5 நிமிடம், மொத்தம் 40. ஆகவே விதி “9 மணிக்கு நிறுத்து” அல்ல, “8.30-க்குப் பிறகு புதிய மேட்ச் தொடங்கக் கூடாது” என்பது. கடிகாரத்தை வைத்து நிறுத்தினால் தினமும் மேட்சின் நடுவில்தான் நிறுத்துவீர்கள், தினமும் சண்டைதான். தொடங்கும் நேரத்தை வைத்தால் கடைசி ஆட்டம் முழுதாக முடியும். சில நாள் ஆட்டம் நீண்டு 9.20 ஆகும். அதற்காகத்தான் அந்த முக்கால் மணி.

அடுத்தது அளவு. இப்போது வாரத்துக்கு 36 மணி நேரம், அதாவது சுமார் 54 மேட்சுகள். இதை ஒரேயடியாக 15-க்குக் குறைத்தால் அவன் நண்பனின் போனில் ஆடுவான், அல்லது நீங்கள் தூங்கிய பிறகு மொபைல் டேட்டாவில் ஆடுவான். முதல் மூன்று வாரத்துக்கு 30 என்று தொடங்கலாம். பள்ளி நாளில் மூன்று, மீதிப் பதினைந்து சனிக்கும் ஞாயிறுக்கும். பள்ளி விட்டு வந்ததும் ஒன்று, பிறகு பாடம், பிறகு 7.40-க்கு ஒன்று, 8.25-க்கு ஒன்று. பாடத்தை முடித்தால்தான் கேம் என்று வைத்தால் பாடம் பதினைந்து நிமிடத்தில் ‘முடிந்துவிடும்’. அதனால் பாடத்துக்கு நேரத்தை ஒதுக்குங்கள், ஒன்றேகால் மணி நேரம் போல. விடுமுறை நாளிலும் காலை எட்டு மணிக்கு மேல் தூங்க விடாதீர்கள். விட்டால் ஞாயிறு இரவு தூக்கம் வராது, திங்கள் காலை பழைய கதைதான்.

இந்த எண்களை நீங்கள் அறிவிக்காதீர்கள். தூக்கக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டிவிட்டு, வாரத்துக்கு எத்தனை மேட்ச் என்பதை முதலில் அவனைச் சொல்லச் சொல்லுங்கள். 40 என்பான். 30-க்கு வந்து சேருவீர்கள். பதின்வயதில் விதி கடுமையாக இருப்பதைவிட, காரணம் சொல்லப்படாததும் அன்றைக்கு அன்றைக்கு மாறுவதும்தான் அநியாயமாகத் தோன்றும். உங்களுக்குக் களைப்பாக இருக்கும் நாளில் நள்ளிரவு வரை விட்டுவிட்டு, கோபமான நாளில் ஏழு மணிக்குப் பிடுங்கினால் எந்த எண்ணும் நிற்காது. ஒரு நாளின் மேட்சை அதே வாரத்தில் இன்னொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை அவனுக்கு இருக்கட்டும். சீசன் முடியும் வாரத்தில் ரேங்குக்காகக் கூடுதலாக வேண்டும் என்றால், அடுத்த வாரத்திலிருந்து ஐந்து கடன் வாங்கலாம். 8.30 விதிக்கு மட்டும் கடன் கிடையாது.

பெரும்பாலும் ஒப்பந்தம் உடையும் இடம் ஒன்றுதான்: தோல்வி. இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றதும், ஒன்று ஜெயித்துவிட்டு எழுகிறேன் என்ற துடிப்பு வரும். அந்த நேரத்தில் வாதாடிப் பயனில்லை. எண்ணிக்கை வெற்றி தோல்வியைப் பொறுத்ததல்ல என்பதை முதல் நாளே தாளில் எழுதிவிடுங்கள். ஒரு மேட்ச் கூடிப்போனால் மறுநாள் கணக்கில் ஒன்று குறையும், அவ்வளவுதான். ஒரு மாதம் போனைப் பறிப்பது போன்ற தண்டனை வேண்டாம். இழக்க ஒன்றும் மிச்சமில்லாதவனுக்கு விதியை மதிக்கக் காரணமும் மிச்சமிருக்காது. இரவு 9.30-க்கு எல்லாப் போன்களும் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும், உங்களுடையதும் அவன் அப்பாவுடையதும் சேர்த்து.

மூன்று வாரம் கழித்து நோட்டைத் திறந்து உட்காருங்கள். தூக்கம் 8 மணி நேரத்தைத் தொட்டு, மாலை ஒப்பந்தம் வாரத்தில் ஐந்து நாளாவது நின்றிருந்தால், எண்ணிக்கையை 30-லேயே விடலாமா, 25 ஆக்கலாமா என்று பேசிக்கொள்ளலாம். தூக்கம் சரியாகியும் கணக்கு தேறவில்லை என்றால் சிக்கல் கேமில் இல்லை, பாடத்தில் இருக்கிறது. அங்கே உதவி தேடுங்கள்.

மாறாக, அவனே குறைக்க நினைத்தும் முடியவில்லை, பேட்மிண்டனும் நின்றுபோகிறது, பள்ளிக்குப் போக மறுக்கிறான், கேமில் பொருள் வாங்கப் பணம் காணாமல் போகிறது, ஆடும்போதே முகத்தில் மகிழ்ச்சி இல்லை என்றால் மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ போக வேண்டும். அங்கே அவர்கள் கேமைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார்கள். மனச்சோர்வு, கவனக்குறைவுக் கோளாறு, பள்ளியில் யாராவது துன்புறுத்துவது போன்றவற்றிலிருந்து தப்பி ஒளியும் இடமாக கேம் ஆகிவிடுவது உண்டு. ஒளியுமிடத்தை மட்டும் மூடினால் துன்பம் அப்படியே இருக்கும். போனை எடுத்தால் உயிரை விட்டுவிடுவேன் என்று அவன் எப்போதாவது சொன்னால், அதை மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

முதல் பேச்சை எப்போது வைத்துக்கொள்வது என்றால், அவன் பேட்மிண்டன் ஆடிவிட்டு வரும் நாளில். மேட்ச் தோற்ற இரவில் வேண்டாம்.